பூஜை அறைக் கண்ணன் படம்: நீலத்தில் உள்ள வெடிப்பைப் பார்த்து டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டார்கள்

வண்ணைவாசி

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தாத்தா வீட்டுப் பூஜை அறையில் ஒரு தஞ்சாவூர்ப் படம் இருக்கிறது. வெண்ணெய்ப் பானையோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைக் கண்ணன். பலகையில் வரைந்தது, ஏறத்தாழ 18 அங்குல உயரம், 14 அங்குல அகலம். பாட்டி கல்யாணமாகி வரும்போதே அது இந்த வீட்டில் இருந்ததாம். அதற்கு மேல் யாருக்கும் விவரம் தெரியாது.

இப்போது வீட்டைப் பிரிக்கிறோம். படம் யாருக்கு என்ற பேச்சு வந்ததும் பெரியப்பா பையன் ஒரு பழம்பொருள் கடைக்காரரைக் கூட்டி வந்தான். அவர் இரண்டு நிமிடம்தான் பார்த்தார். "பின்னால இருக்கிற நீலத்துல வெடிப்பு எல்லாம் செயற்கை. வெடிக்கிற வார்னிஷ் அடிச்சிருக்காங்க. முகமும் மட்டமான பெயிண்ட், அதான் கறுத்துப் போச்சு. நாற்பது வருஷத்துச் சரக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு விலையும் சொன்னார். விலை எனக்கு முக்கியமில்லை. பாட்டி தினமும் பூ வைத்த படத்தை ஒருவர் போலி என்று சொல்லிவிட்டுப் போனது மனதை உறுத்துகிறது. உண்மை எதுவாக இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டும்.

படத்துக்குக் கண்ணாடி இல்லை. முன்பு இருந்து உடைந்துவிட்டதாக அத்தை சொல்கிறார். கண்ணன் முகமும் உடம்பும் சாம்பல் நிறமாக, சில இடங்களில் கறுப்பாகவே இருக்கிறது. தங்கம் நன்றாக மின்னுகிறது. பின்னணி நீலம் முழுக்கச் சின்னச் சின்னத் தீவு மாதிரி வெடிப்பு. எதை வைத்து முடிவு செய்வது?

மின்ட்தெரு

தம்பி, நான் முப்பது வருஷமாக சௌகார்பேட்டையில் அடகுத் தொழிலில் இருக்கிறேன். வெடிப்பு இருந்தால் பழசு. புதுப் படத்தில் வெடிப்பு வராது. கடைக்காரர் உங்களிடம் மட்டமான விலைக்குத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார். முகம் கறுத்தது விளக்குப் புகைதான். உருளைக்கிழங்கை வெட்டி மெதுவாகத் தேய்த்தால் போய்விடும், எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம்.

சுக்கான்கல்

உருளைக்கிழங்கு வேண்டாம். தண்ணீர், எச்சில், எண்ணெய் எதுவுமே வேண்டாம். இந்த நிறங்கள் பிசினில் குழைத்தவை. எத்தனை வருஷம் ஆனாலும் ஈரம் பட்டால் இளகும். கண்ணன் முகத்தின் கண் கோடு முதல் தேய்ப்பிலேயே பஞ்சோடு வந்துவிடும். அப்படிக் கண் இல்லாத கண்ணன்கள் பலர் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். நான் பலகைப் படங்களைச் செப்பனிடும் வேலையில் இருபது வருஷமாக இருக்கிறேன்.

முகத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். வண்ணைவாசி, ஒரு நகைக்கடை லென்ஸ் வாங்குங்கள், பத்து மடங்கு பெரிதாக்குவது போதும். தொடாமல் பாருங்கள். கறுப்பு எங்கே ஆரம்பித்து எங்கே நிற்கிறது? புகையாக இருந்தால் அது ஆள் பார்த்து உட்காராது. முகம், தங்கம், திரைச்சீலை எல்லாவற்றின் மேலும் படலமாக இருக்கும், மேல்பக்கம் அதிகமாக இருக்கும். கறுப்பு முகத்தின் ஓரக் கோட்டோடு துல்லியமாக நின்றுவிட்டு, பக்கத்திலேயே சிவப்பு சிவப்பாகவும் தங்கம் தங்கமாகவும் இருந்தால் கதை வேறு. முத்துமாலையில் உள்ள வெள்ளைப் புள்ளிகளையும் பாருங்கள். அவையும் கறுத்திருக்கின்றனவா?

வண்ணைவாசி

பார்த்தேன் ஐயா. முத்துப் புள்ளிகள் எல்லாம் கறுப்பு மணி மாதிரி ஆகிவிட்டன. அவற்றைச் சுற்றியுள்ள தங்கத்தில் கறுப்பே இல்லை. முகத்தில் கறுப்பு சரியாகக் கன்னக் கோட்டில் நிற்கிறது. உதட்டுச் சிவப்பு அப்படியே இருக்கிறது.

சுக்கான்கல்

நல்லது. அப்படியானால் அது அழுக்கில்லை. வெள்ளை நிறமே கறுத்திருக்கிறது. அந்தக் காலத்தில் உடம்புக்கும் முத்துக்கும் பயன்படுத்திய வெள்ளை ஈயத்திலிருந்து எடுத்தது. காற்றில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற வாயு இருந்தால் ஈய வெள்ளை அதோடு சேர்ந்து கறுப்பு ஈய சல்ஃபைடு ஆகிவிடும். எண்ணெயில் குழைத்த ஈய வெள்ளை ஓரளவு தப்பிக்கும். பிசினில் குழைத்தது கவசமில்லாமல் நிற்பதுபோல. கண்ணாடி வேறு உடைந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பக்கத்தில் கால்வாயோ சாக்கடையோ இருக்கிறதா?

வண்ணைவாசி

பூஜை அறை ஜன்னலைத் திறந்தால் கால்வாய்தான். வெயில் காலத்தில் அந்த நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தியே வைப்போம். வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு வாரத்தில் கறுத்துவிடும்.

சுக்கான்கல்

வெள்ளியைக் கறுக்க வைத்த அதே காற்றுதான் கண்ணனையும் கறுக்க வைத்திருக்கிறது. மட்டமான பெயிண்ட் என்று கடைக்காரர் சொன்னது தவறு. இன்று கடையில் கிடைக்கிற மட்டமான வெள்ளை எதுவும் இப்படிக் கறுக்காது, ஏனென்றால் அதில் டைட்டானியம்தான் இருக்கும்.

ஆனால் ஒன்று. ஈய வெள்ளை இருப்பதால் மட்டும் படம் பழையது ஆகிவிடாது. அது அண்மைக்காலம் வரை ட்யூபில் கிடைத்த நிறம், வேண்டுமென்று தேடி வாங்கிப் பூசியவர்களும் உண்டு. டைட்டானியம் வெள்ளை வேறு மாதிரி. அது முதல் உலகப் போருக்குப் பிறகுதான் விற்பனைக்கு வந்தது. அது இருக்கும் பூச்சு 1920களுக்கு முந்தையதாக இருக்க முடியாது. இல்லாவிட்டால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

காலடிப்பேட்டை

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பட்டாபிஷேகம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் நிறம் செதில் செதிலாக உரிகிறது. பின்னால் தகரத் தாள் மாதிரி ஏதோ வைத்திருக்கிறார்கள். அதுவும் ஈயமா? பசை போட்டு ஒட்டலாமா?

சுக்கான்கல்

நீங்கள் சொல்வது கண்ணாடியின் பின்பக்கத்திலேயே வரைந்த படம். அதில் பலகையும் கிடையாது, சுண்ணாம்புப் பூச்சும் கிடையாது. கண்ணாடியில் பிடிமானம் இல்லாமல்தான் உரிகிறது. பசை போடாதீர்கள், முன்பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்துவிட்டுத் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

மக்குவேலை

நான் பெரம்பூரில் தஞ்சாவூர்ப் படம் வரைகிறேன், வகுப்பும் எடுக்கிறேன். மின்ட்தெரு அண்ணா சொன்னதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. புதுப் படத்திலும் வெடிப்பு வரும். நான் கற்றுக்கொண்ட புதிதில் சாக் பவுடரில் பிசினைக் குறைத்துப் போட்டு, மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன். மாலைக்குள் மக்கு முழுக்கக் குளம் வற்றின மாதிரி வெடித்துவிட்டது.

இப்போது நாங்கள் ப்ளைவுட்டில் துணி ஒட்டி, சாக் பவுடரோடு ஃபெவிகால் கலந்து பூசுகிறோம். அது ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும், சுலபத்தில் வெடிக்காது. என் குரு காலத்தில் புளியங்கொட்டைப் பசை. கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். அதில் சுக்கான் மாவைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் தேய்ப்பார்கள். அந்தப் பூச்சு கண்ணாடி மாதிரி வரும், ஆனால் ஓட்டுச் சில்லு மாதிரி உடையும். ஆகவே வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சுக்கான்கல்

அக்கா சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். வண்ணைவாசி, அடுத்து இதைச் செய்யுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில், ஏறக்குறைய பலகையை ஒட்டிப் பிடியுங்கள். முதலில் நீலத்தைப் பாருங்கள். தீவுகளின் ஓரம் கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக இருக்கிறதா, இழுபட்டது போல மழுங்கி இருக்கிறதா? வெடிப்பின் அடியில் என்ன நிறம் தெரிகிறது?

அப்புறம் தங்க வளைவைப் பாருங்கள். பலகையின் பின்பக்கம் மரநார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈரத்துக்கும் வெயிலுக்கும் மரம் நாரின் குறுக்கே விரிந்து சுருங்கும், நீளவாக்கில் பெரிதாக அசையாது. அதனால் மரம் இழுத்து வந்த வெடிப்பு நாரோடு சேர்ந்தே ஓடும். அதற்கு முகம், தங்கம், திரை என்ற வித்தியாசம் தெரியாது. வழியில் இருப்பதை எல்லாம் அறுத்துக்கொண்டு போகும். மேலே பூசிய சரக்கு தானாகக் காய்ந்து வெடித்ததாக இருந்தால், அந்த நிறம் முடியும் இடத்தில் வெடிப்பும் முடிந்துவிடும்.

வண்ணைவாசி

நேற்று இரவு அண்ணனும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். பலகை இரண்டு துண்டு, நின்றவாக்கில் சேர்த்திருக்கிறார்கள். பின்னால் இரண்டு குறுக்குச் சட்டம். நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது.

நீலத் தீவுகளின் ஓரம் மழுங்கி இருக்கிறது. நீலம் முடிந்து தங்கம் தொடங்கும் இடத்தில் எல்லா வெடிப்பும் நின்றுவிடுகிறது. அடியில் ஏதோ இருட்டு நிறம், பச்சையா கறுப்பா என்று தெரியவில்லை.

தங்கத்தில் மயிரிழை வெடிப்புகள் இருக்கின்றன, கண்ணுக்கே தெரியாமல் இருந்தவை. எல்லாம் மேலிருந்து கீழ். அவற்றில் ஒன்று பெரிது. பலகை இணைப்புக்கு நேர் மேலே தங்க வளைவின் உச்சியில் ஆரம்பித்து, வளைவை அறுத்துக்கொண்டு வருகிறது. நீலத்துக்குள் நுழைந்ததும் மறைந்துவிடுகிறது. நீலத்துக்குக் கீழே, கண்ணன் சாய்ந்திருக்கும் மஞ்சள் திண்டில் அதே கோட்டில் திரும்பவும் தெரிகிறது. நடுவில் நீலத்தில் மட்டும் இல்லை. லென்ஸில் பார்த்தால் நீலத்தில் அந்தக் கோடு ஒரு மெல்லிய பள்ளமாகத் தெரிகிறது, பள்ளத்துக்குள்ளும் நீலம் இறங்கியிருக்கிறது.

சுக்கான்கல்

நீங்கள் கடைசியாக எழுதிய வரியில்தான் பாதிப் பதில் இருக்கிறது. படத்துக்கு வயதாகி, பலகை இணைப்பு அசைந்து, பூச்சு அறுந்தது முதலில். அதற்குப் பிறகு ஒருவர் பின்னணியில் நீலம் அடித்திருக்கிறார். அவர் தூரிகை ஓட்டியபோது வெடிப்பு ஏற்கெனவே அங்கே இருந்தது, அதனால்தான் நீலம் அதற்குள் இறங்கியிருக்கிறது. பழைய பூச்சின் மேல் எண்ணெய் நிறத்தைத் தடிமனாக அடித்தால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே ஈரம் மெல்லச் சுருங்கி, தீவு தீவாக இழுபடும். கடைக்காரர் பார்த்தது அந்த மறுபூச்சின் வெடிப்பை. வெடிப்பு வயதால் வந்ததில்லை என்று அவர் சொன்னது உண்மைதான். அதை வைத்து முழுப் படத்தையும் எடைபோட்டதுதான் பிழை.

மின்ட்தெரு

அப்படியென்றால் நான் சொன்னதுதான் சரி, தங்கத்தில் வெடிப்பு இருக்கிறது, படம் பழசு. சந்தேகம் இருந்தால் கேரட் மீட்டரில் வைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் நகைக்கு வைத்திருக்கும் மிஷினிலேயே தங்கம், ஈயம் எல்லாம் காட்டும்.

சுக்கான்கல்

மிஷினில் வைக்கலாம், அந்தக் கதிர் படத்தைக் கெடுக்காது. ஆனால் ஃபிரேமைக் கழற்றாமல் வைக்க முடியாது. கழற்றுவதாக இருந்தால் சொல்லும் விதத்தில் செய்யுங்கள். மேசையில் வேட்டியை மடித்து விரித்து, ஃபிரேமின் விளிம்பு மட்டும் துணியில் படும்படிக் கவிழுங்கள். பின் ஆணிகளைக் குறடால் நேராக இழுங்கள், சுத்தியல் வேண்டாம். ஏதாவது சில்லு விழுந்தால் தாளில் மடித்து, எந்த ஓரத்தில் விழுந்தது என்று எழுதி வையுங்கள்.

வண்ணைவாசி

நான்கு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். அத்தை நல்ல நாள் பார்க்கச் சொன்னார். நேற்று கற்பூரம் காட்டிவிட்டுக் கழற்றினோம்.

கழற்றியதும் எங்களுக்குக் கை நடுங்கிவிட்டது. ஃபிரேம் மறைத்திருந்த ஓரத்தில், நான்கு பக்கமும் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, நீலமே இல்லை. ஆழ்ந்த பச்சை! அப்படியே பசுமையாக இருக்கிறது. நீலம் அடித்தவர் ஃபிரேமைக் கழற்றாமலேயே அடித்திருக்கிறார். பச்சையில் தீவு வெடிப்பு ஒன்றுகூட இல்லை. நேர்க்கோட்டு மயிரிழைகள் மட்டும்தான்.

கீழ் ஓரத்தில் மூலை உடைந்து அடுக்கு அடுக்காகத் தெரிகிறது. மரம், அதன் மேல் முரட்டுத் துணி, அதன் மேல் வெள்ளைப் பூச்சு, அப்புறம் பச்சை. மிளகு அளவில் மூன்று சில்லுகள் விழுந்தன, தாளில் மடித்து வைத்திருக்கிறேன்.

மக்குவேலை

படிக்கும்போதே சிலிர்க்கிறது தம்பி. அந்தச் சில்லில் ஒன்றை எடுத்து ஒரு ஸ்பூன் தண்ணீரில் போடுங்கள். எங்கள் ஃபெவிகால் பூச்சாக இருந்தால் எவ்வளவு நேரம் ஊறினாலும் தோல் மாதிரி இழுபடும். கொட்டைப் பசையாகவோ பிசினாகவோ இருந்தால் இளகி மாவாகிவிடும்.

சுக்கான்கல்

ஒரு சில்லு மட்டும், நிறமில்லாத வெள்ளைச் சில்லாகப் பார்த்துப் போடுங்கள். இன்னொரு துணுக்கின் மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டு லென்ஸில் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு வகை. மூன்றாவதைத் தொடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

வண்ணைவாசி

தண்ணீரில் போட்டது இருபது நிமிடத்தில் ஓரங்களில் கரைய ஆரம்பித்தது. முக்கால் மணி நேரத்தில் ஸ்பூனின் அடியில் வெள்ளை மாவு, நடுவில் இரண்டு நூல் இழை. விரலால் தொட்டால் சந்தனம் மாதிரி இருக்கிறது. வினிகர் விட்டதும் பொரிப் பொரியாக நுரைத்தது.

சுக்கான்கல்

ஆக, சுண்ணாம்பு மாவு, தண்ணீரில் இளகும் பசை. ஃபெவிகால் இல்லை.

மக்குவேலை

ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் ஐயா. என் குரு 1980களிலும் கொட்டைப் பசைதான் காய்ச்சினார். அவர் வீட்டுப் பழைய கதவுகளை அறுத்துப் பலகை எடுத்ததும் எனக்குத் தெரியும். அவர் யாரையும் ஏமாற்றவில்லை, அவருக்குக் கைவந்த முறை அது. அவர் படம் ஒன்று கடற்கரைப் பக்கம் ராயபுரத்தில் ஏசி போட்ட வீட்டில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு என்னிடம் வந்தது. பகலில் உப்புக் காற்று, இரவில் ஏசி. நாரோடு ஓடும் வெடிப்பு அதிலும் இருந்தது. இந்தப் பூச்சும் இந்த வெடிப்பும் நூறு வருஷத்துக்குச் சாட்சி என்று என்னால் சொல்ல முடியாது.

சுக்கான்கல்

ஒத்துக்கொள்கிறேன். வெடிப்பு எந்த அடுக்கு முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்றுதான் சொல்லும். வருஷத்தைச் சொல்லாது. பலகையில் ஒன்று பார்க்கலாம். பழைய கதவாக இருந்தால் கீல் குழி, ஆணித் துளை இருக்கும். பூச்சிப் பாதை படத்துக்கு முந்தையது என்றால் சுண்ணாம்பு அந்தத் துளைக்குள் இறங்கி அடைத்திருக்கும். படத்துக்குப் பிறகு வந்த பூச்சி பூச்சையும் தங்கத்தையும் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

வண்ணைவாசி

கீல் குழி எதுவும் இல்லை. வலது கீழ் மூலையில் ஊசித்துளை மாதிரி ஐந்தாறு இருக்கின்றன. ஒன்றைத் தவிர எல்லாமே தங்கத்தைத் துளைத்துக்கொண்டு வந்தவை. அந்த ஒன்று நீலத்தில் இருக்கிறது, ஆனால் நீலம் அதன் உள்விளிம்பில் இறங்கியிருக்கிறது.

சுக்கான்கல்

அப்படியானால் பூச்சியும் நீலத்துக்கு முந்தியது. உங்கள் படம் நீலம் அடிக்கப்படுவதற்கு முன்பே ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடித்திருக்கிறது.

வண்ணைவாசி

இன்று காலை மின்ட்தெரு ஐயா சொன்ன மாதிரி ஒரு கடையில் மிஷினில் வைத்தோம். வருத்தமாக இருக்கிறது. தங்கம் 58 சதவீதம்தான் காட்டியது. மீதி ஈயம், செம்பு. 22 கேரட் என்றால் 91க்கு மேல் வர வேண்டாமா? மஞ்சள் திண்டில் வைத்தால் வெறும் Pb என்று வந்தது. பச்சையில் செம்பும் Pb-யும்.

அளவுக்கருவி

நான் அந்த மாதிரி மிஷின்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். வருத்தப்பட வேண்டாம். நகை மிஷின், உள்ளே வைத்த பொருள் முழுக்க உலோகம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. உங்கள் படத்தில் ஒட்டிய தங்க ரேக்கு மிக மெல்லியது. கதிர் அதைத் தாண்டி அடியில் உள்ள நிறம், சுண்ணாம்பு வரை போய்த் திரும்பும். சுண்ணாம்பை அந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். அடியில் உள்ள ஈயத்தையும் தங்கத்தோடு கூட்டி நூறாக்கிவிடும். அதனால் 58 என்பது கேரட்டே இல்லை. பித்தளை ரேக்காக இருந்தால் தங்கமே காட்டியிருக்காது, செம்பும் துத்தநாகமும்தான் வந்திருக்கும்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். மஞ்சளில் Pb என்று வந்ததை நம்பாதீர்கள். மிஷின் வரையும் வரைபடத்தில் ஈயத்தின் முதல் சிகரமும் ஆர்சனிக்கின் முதல் சிகரமும் 10.5 keV பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழும். நகை மிஷினின் பட்டியலில் ஆர்சனிக் இல்லாவிட்டால், அது கண்ணை மூடிக்கொண்டு ஈயம் என்று சொல்லிவிடும். சதவீதத் திரையை விட்டுவிட்டு வரைபடத் திரையைக் காட்டச் சொல்லுங்கள். ஈயம் என்றால் 12.6ல் ஏறக்குறைய அதே உயரத்துக்கு இரண்டாவது சிகரம் இருக்க வேண்டும். ஆர்சனிக் என்றால் 11.7ல் சின்னதாக ஒன்று இருக்கும். முகத்திலும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நீலத்தில் வைக்கும்போது 4.5 பக்கமும் பாருங்கள், டைட்டானியம் அங்கேதான் விழும்.

மின்ட்தெரு

முப்பது வருஷம் இந்த மிஷினை நம்பினேன், இது எனக்குத் தெரியாது. நகைக்குச் சரியாகத்தான் காட்டுகிறது. படத்துக்கு இப்படி ஏமாற்றும் என்று நினைக்கவில்லை. தம்பி, அந்தக் கடைக்கு நானே உங்களோடு வருகிறேன், திரையை மாற்றச் சொல்லிக் கேட்போம்.

வண்ணைவாசி

ஐயாவே வந்து கூட இருந்தார். ரொம்ப நன்றி ஐயா. வரைபடத்தைப் போனில் எடுத்தோம். எண்களைப் பார்த்து எழுதுகிறேன்.

முகம்: 10.5லும் 12.6லும் இரண்டு உயரமான சிகரம். முத்துப் புள்ளியிலும் அப்படியே.
மஞ்சள் திண்டு: 10.5ல் உயரம், 11.7ல் ஒரு சின்னது, 12.6ல் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.
நீலம்: 4.5ல் பெரிய சிகரம்.
ஓரத்துப் பச்சை: செம்பு பெரிது, 10.5 பெரிது, 11.7ல் சின்னது, 12.6ல் மிகச் சின்னது.

அளவுக்கருவி

முகம் ஈயம். மஞ்சள் ஆர்சனிக். நீலத்தில் பெரும்பாலும் டைட்டானியம். பச்சையில் செம்பும் ஆர்சனிக்கும். மிஷின் வேலை இத்தோடு முடிந்தது, அர்த்தம் சொல்ல வேண்டியவர் சுக்கான்கல் ஐயா.

சுக்கான்கல்

மஞ்சள், அரிதாரம். கூத்து மேடையில் முகத்துக்குப் பூசியதால் வேஷத்துக்கே அரிதாரம் என்று பெயர் வந்ததே, அதே பொருள்தான். விஷம். சுரண்டாதீர்கள், கழற்றிய பிறகு எல்லோரும் கை கழுவுங்கள், குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.

நீலத்தில் இருப்பது டைட்டானியம் என்றால், அது 1920களிலோ அதற்குப் பிறகோ அடித்தது. நாற்பது வருஷத்துச் சரக்கு என்று கடைக்காரர் சொன்னது நீலத்துக்கு ஒருவேளை பொருந்தலாம்.

பச்சைதான் என்னைத் தூங்கவிடவில்லை. செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்தே ஒரு பச்சை இருக்கிறது. 1814ல் ஜெர்மனியில் ஷ்வைன்ஃபுர்ட் ஊரில் செய்தார்கள், பிறகு உலகம் முழுக்கப் போனது. உங்கள் பச்சை அதுவாக இருந்தால் படம் 1814க்கு முந்தையதில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இரண்டாம் சரபோஜி 1832 வரை ஆண்டார், அவர் காலத்தின் கடைசிப் பகுதியாகவும் இருக்கலாம், அறுபது எழுபது வருஷம் பிந்தியும் இருக்கலாம். ஆனால் நம் ஆட்களே செம்புப் பச்சையின் மேல் அரிதாரத்தை மெல்லியதாக ஓட்டிப் பச்சையைத் தூக்கிக் காட்டியிருந்தாலும் மிஷின் இதே இரண்டு சிகரத்தைத்தான் காட்டும். அப்போது 1814 என்ற எல்லையே போய்விடும்.

மக்குவேலை

நீலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் பச்சை முழுக்கத் தெரியுமே ஐயா? கண்ணனுக்கு அந்தப் பச்சை எவ்வளவு எடுப்பாக இருந்திருக்கும்!

சுக்கான்கல்

ஆசைதான் அக்கா. ஆனால் நீலம் எண்ணெயில், பச்சை பிசினில். நீலத்தை இளக்கும் திரவம் பச்சைக்கு ஆபத்தில்லாமல் இருக்க வேண்டும். அதோடு, நன்றாக இருந்த பச்சையின் மேல் யாரும் நீலம் அடித்திருக்க மாட்டார்கள். நடுவில் பச்சை உதிர்ந்து போயிருக்கலாம், அதனால்தான் அடித்திருக்கலாம். விரல் நகம் அளவு ஓர் இடத்தில் மட்டும் திறந்து பார்த்துவிட்டுத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும். முகத்தின் கறுப்பும் அப்படித்தான். ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் கறுப்பு ஈய சல்ஃபைடு வெள்ளையாகிவிடும், நான் செய்திருக்கிறேன். ஆனால் பிசின் நிறத்தில் அந்த ஈரத்தை எவ்வளவு குறைவாக, எவ்வளவு நேரம் வைப்பது என்பது கை பழகிய விஷயம். வீட்டில் முயல வேண்டாம்.

அந்த மூன்றாவது சில்லில் பச்சை இருக்கிறதா?

வண்ணைவாசி

இருக்கிறது ஐயா. கடுகில் பாதி அளவு பச்சை ஒட்டியிருக்கிறது.

வீட்டிலும் பேசிவிட்டோம். இப்போதைக்குப் படத்தைப் பிரிக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. கால்வாய் பக்கத்து ஜன்னலிலிருந்து எடுத்து நடு அறையில், விளக்குப் புகை படாத இடத்தில் வைத்திருக்கிறோம். பூவைக் கீழே தட்டில் வைக்கச் சொல்லி அத்தையிடம் கேட்டுக்கொண்டோம், ஒத்துக்கொண்டார்.

சுக்கான்கல்

அந்தச் சில்லைப் பத்திரமாக எடுத்து வாருங்கள். ஷ்வைன்ஃபுர்ட் பச்சை நுண்ணோக்கியில் சின்னச் சின்ன உருண்டைகளாக, நடுவிலிருந்து கதிர் விரிந்த மாதிரி தெரியும். அரைத்த செம்புப் பச்சை உடைந்த கண்ணாடித் தூள் மாதிரி கோணல் மாணலாக இருக்கும், அரிதாரம் மஞ்சள் தகடுகளாகத் தனியே மின்னும். சில்லைக் குறுக்காக அறுத்து மெருகேற்ற எனக்கு ஒரு வாரம் வேண்டும். அதற்குள் நீலத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்ணைவாசி

சனிக்கிழமை காலை வருகிறேன். சில்லை பாட்டியின் குங்குமச் சிமிழில் பஞ்சு வைத்து மூடி வைத்திருக்கிறேன். மின்ட்தெரு ஐயாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.